பழைய முகவரி, புதிய முகவரி

2012 அக்டோபர் 17 அன்று பிரிட்டிஷ் அரசு தன்னுடைய இரண்டு பெரிய இணையதளங்களுக்கு ஓய்வு கொடுத்தது. ஒன்று பொதுமக்களுக்கான டைரக்ட்கவ். இன்னொன்று தொழில் செய்பவர்களுக்கான பிசினஸ் லிங்க். இரண்டுக்கும் பதிலாக gov.uk என்ற ஒரே தளம் வந்தது. வாகன வரி, ஓட்டுநர் உரிமம், ஓய்வூதியம், வேலையிழந்தோர் உதவித்தொகை என்று அன்றாடம் மக்கள் தேடிவரும் பக்கங்கள் அந்தப் பழைய தளங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தன. தேடி வருகிறவர்கள் முகப்புப் பக்கத்தில் நுழைந்து படிப்படியாக உள்ளே போவதில்லை. கூகுளில் இரண்டு சொல் தட்டி, மேலே நிற்கும் முடிவைச் சொடுக்கி, நேராக நடுப்பக்கத்தில் வந்து இறங்குகிறவர்கள் அவர்கள்.

ஆகவே புதிய தளத்தைக் கட்டிய அரசு டிஜிட்டல் சேவைக் குழுவுக்கு முன்னால் வடிவமைப்பைத் தவிர இன்னொரு கேள்வியும் இருந்தது: பழைய முகவரி ஒவ்வொன்றையும் என்ன செய்வது? ஒரு முகவரியைக்கூடப் பதில் இல்லாமல் விடுவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதற்காக எழுதிய பட்டியலும், அந்தப் பட்டியலைச் செயல்படுத்திய சிறு சர்வரும்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். அதே வேலையை ஒரு சிறு தமிழ் இதழின் தளத்துக்கு எப்படிச் செய்வது என்பதையும் பிறகு பார்ப்போம்.

தரம் எங்கே இருக்கிறது?

ஒரு கட்டுரை தேடலில் மூன்றாவது இடத்தில் வருகிறது என்றால், அந்த இடம் கட்டுரைக்குக் கிடைத்தது என்றே நாம் நினைக்கிறோம். தேடுபொறியின் கணக்கில் அது முகவரிக்குக் கிடைத்தது. தேடுபொறி வைத்திருக்கும் பிரம்மாண்டமான அட்டவணையில் ஒவ்வொரு வரிசையும் ஒரு முகவரியைத் தலைப்பாகக் கொண்டது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தெந்தத் தளங்கள் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன, எத்தனை காலமாக அது அங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் சேர்கின்றன.

இவற்றில் வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்குத் தனி எடை உண்டு. 1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையின் அடிப்படையே அதுதான்: மதிப்புள்ள பக்கங்கள் சுட்டிக்காட்டும் பக்கம் தானும் மதிப்புப் பெறும். இன்று கூகுள் வேறு பல அடையாளங்களையும் சேர்த்தே வரிசைப்படுத்துகிறது. ஆனாலும் இணைப்பு என்பது இன்றும் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குத்தான் கொடுக்கப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியர் தன் பாடக்குறிப்பில் உங்கள் கட்டுரைக்குக் கொடுத்த இணைப்பை நீங்கள் போய்த் திருத்த முடியாது. அது பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றி, அதே கட்டுரையைப் புதிய முகவரியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? தேடுபொறியின் சிலந்தி நிரல் வழக்கம்போல் பழைய முகவரிக்கு வரும். ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று பொருள்படும் 404 என்ற எண் பதிலாகக் கிடைக்கும். தற்காலிகக் கோளாறாக இருக்கலாம் என்று சில முறை திரும்ப வந்து பார்க்கும்; பிறகு அந்த வரிசையையே அட்டவணையிலிருந்து எடுத்துவிடும். புதிய முகவரி தனியாக ஒரு நாள் கண்ணில் படும். அப்போது அது நேற்றுப் பிறந்த, யாரும் சுட்டாத பக்கம். எழுத்து ஒன்றுகூட மாறாத கட்டுரை, பத்து ஆண்டுகள் சேர்த்ததை இழந்து முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு வரிப் பதில்

இதைத் தடுக்கும் கருவி வலைத்தளங்களின் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே 301 என்ற பதில் எண் உண்டு: இந்தப் பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்பது அதன் பொருள். உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே நடக்கும் உரையாடல் இவ்வளவுதான்:

```
GET /article.asp?id=142 HTTP/1.1
Host: www.example.com

HTTP/1.1 301 Moved Permanently
Location: https://www.example.com/dams/grand-anicut/
```

முதல் இரண்டு வரிகள் கேள்வி. அடுத்த இரண்டும் பதில். உலாவி அந்த Location வரியைப் படித்துவிட்டு, படிப்பவர் கவனிக்கும் முன்பே புதிய முகவரிக்குப் போய்விடும். தேடுபொறியின் சிலந்தி இன்னொரு வேலையும் செய்யும். பழைய முகவரியின் வரிசையில் சேர்ந்திருந்தவற்றைப் புதிய முகவரியின் கணக்கில் எழுதத் தொடங்கும். பள்ளி ஆசிரியர் கொடுத்த பழைய இணைப்பும் அதில் அடக்கம்.

இதற்குப் பக்கத்திலேயே 302 என்ற இன்னொரு எண் இருக்கிறது. ‘தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது’ என்று அதற்குப் பொருள். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் புதிய பக்கம்தான் திறக்கும். தேடுபொறிக்கு அப்படியில்லை. 301 வந்தால், இனி புதிய முகவரியையே காட்ட வேண்டும் என்று வலுவான குறிப்பாக எடுத்துக்கொள்ளும். 302 வந்தால் பழையது திரும்பி வரக்கூடும் என்று அதையே பட்டியலில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். பல மென்பொருள்களில் வழிமாற்று எழுதும்போது எண்ணைக் குறிப்பிடாவிட்டால் 302தான் தானாக அமையும். அதனால் எண்ணை வெளிப்படையாக எழுதுவது நல்லது. 308, 307 என்ற எண்களும் முறையே இதே இரண்டு வேலைகளைச் செய்கின்றன. படிவம் அனுப்பும் கோரிக்கைகளில் முறை மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னால் வந்தவை அவை. கட்டுரைப் பக்கங்களுக்கு 301 போதும்.

வழிமாற்றினால் மதிப்பில் ஒரு சிறு பங்கு கசிந்துவிடும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2016இல் கூகுளின் கேரி இல்யெஸ், 30x வகை வழிமாற்றுகளால் பேஜ்ரேங்க் இனி குறைவதில்லை என்று அறிவித்தார். ஆகவே முகவரியை மாற்றுவதே குற்றம் என்று அஞ்ச வேண்டியதில்லை. இழப்பு வருவது பெரும்பாலும் பட்டியலில் விட்டுப்போன முகவரிகளாலும், தவறான இடத்துக்குத் திருப்பிவிடப்பட்ட முகவரிகளாலும்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 301 நிரந்தரம் என்பதால் உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. தவறான பக்கத்துக்கு 301 கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திருத்தினாலும், அந்த ஒரு மணி நேரத்தில் வந்துபோன வாசகரின் உலாவி சர்வரைக் கேட்காமலே பழைய தவறான இடத்துக்குப் போகக்கூடும். சோதிக்கும் காலத்தில் 302 வைத்துக்கொண்டு, எல்லாம் சரியென்று தெரிந்தபின் 301 ஆக்குவது இதனால்தான்.

ஒப்பீட்டுப் பட்டியல்

தமிழ்நாட்டில் மறு நிலஅளவை நடந்த கிராமங்களில் பழைய சர்வே எண்ணுக்கு நேராகப் புதிய சர்வே எண்ணை எழுதிய பதிவேடு ஒன்று இருக்கும். பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் உள்ள எண்ணை வைத்து இன்றைய பட்டாவைக் கண்டுபிடிக்க அந்தப் பதிவேடு ஒன்றுதான் வழி. சில பழைய எண்கள் பிரிந்து பலவாகியிருக்கும். சில சேர்ந்து ஒன்றாகியிருக்கும். தளத்தை மாற்றுபவர் முதலில் தயாரிக்க வேண்டியது இப்படிப்பட்ட இரண்டு பத்திப் பட்டியலைத்தான்: இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது.

வலப்பக்கம் எளிது. இடப்பக்கத்தை முழுமையாக நிரப்புவதில்தான் சிரமம். பழைய மென்பொருளின் தரவுத்தளத்திலிருந்து பக்கங்களின் பட்டியலை எடுப்பது போதாது. அது தளம் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது மட்டுமே. வெளியுலகம் எந்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சர்வரின் பதிவுக் கோப்புகளில் கடந்த ஓராண்டில் கேட்கப்பட்ட முகவரிகள் எல்லாம் இருக்கும். கூகுள் சர்ச் கன்சோலில் எந்தப் பக்கங்களுக்கு வெளி இணைப்புகள் வருகின்றன என்ற விவரம் கிடைக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இதற்கும் முந்தைய தலைமுறைத் தளத்தின் முகவரிகள்கூடக் கிடைக்கும். படக் கோப்புகளையும் பிடிஎஃப் கோப்புகளையும் மறக்கக் கூடாது. பல தளங்களில் வெளியார் அதிகம் இணைப்புக் கொடுத்திருப்பது ஏதோ ஒரு பழைய பிடிஎஃப்புக்குத்தான்.

இவற்றையெல்லாம் கொட்டிச் சேர்த்தால் ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருப்பது தெரியவரும். டைரக்ட்கவ் தளத்தில் கட்டுரை முகவரிகள் நீளமானவை: துறை, உட்துறை என்று போய், கடைசியில் `DG_` என்று தொடங்கும் ஓர் எண்ணில் முடியும். பக்கத்தின் உண்மையான அடையாளம் அந்தக் கடைசி எண். பிசினஸ் லிங்கிலோ பாதை எல்லாப் பக்கங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே. கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் `topicId`, `itemId` போன்றவைதான் பக்கத்தைத் தீர்மானித்தன. அதே இடத்தில் பக்கத்தோடு தொடர்பில்லாத வேறு துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. எனவே குழுவினர் முதலில் ஒவ்வொரு தளத்துக்கும் எது அடையாளம், எது குப்பை என்று பிரித்தார்கள். பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கி, கடைசிச் சாய்கோட்டை நீக்கி, தேவையில்லாத துணுக்குகளைக் களைந்து, ஒரு பக்கத்துக்கு ஒரே வடிவம் என்று சுருக்கியபின்தான் பட்டியல் கையாளும் அளவுக்கு வந்தது.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தீர்ப்பு. புதிய தளத்தில் அதே விஷயத்தைச் சொல்லும் பக்கம் இருந்தால் 301. ஐந்தாறு பழைய பக்கங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தால், அத்தனையிலிருந்தும் அந்த ஒன்றுக்கு 301. பிரிட்டிஷ் குழு பழைய உள்ளடக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகவில்லை. அரசுத் தளத்தில் இருக்க வேண்டிய தேவை இல்லாத பக்கங்களைப் பெருமளவில் கழித்தார்கள். அப்படிக் கழித்தவற்றுக்கு 410 என்ற பதில். 404 ‘காணவில்லை’ என்று மட்டும் சொல்லும். 410 ‘இருந்தது, தெரிந்தே நீக்கினோம்’ என்று சொல்லும். அந்தப் பக்கத்தில் வாசகருக்கு ஒரு விளக்கமும், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் சேமித்துவைத்த பழைய பக்கத்தின் பிரதிக்கு ஓர் இணைப்பும் இருந்தன.

இந்த இடத்தில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பொருத்தமான பக்கம் கிடைக்காத பழைய முகவரிகளையெல்லாம் மொத்தமாகப் புதிய முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. எதுவும் அறுந்துபோகவில்லை என்ற நிம்மதி கிடைக்கும். ஆனால் கல்லணையைப் பற்றிப் படிக்க வந்தவர் முகப்பில் நின்று திகைப்பார். தேடுபொறியும் இதை ஏற்பதில்லை. பழைய பக்கத்துக்கும் புதிய பக்கத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டால், அந்த வழிமாற்றை 404 போலவே நடத்தும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாஃப்ட் 404’. அதாவது பழைய பக்கத்தின் மதிப்பு முகப்புக்கும் போய்ச் சேராது.

ஒரு சிறு இதழின் தளம்

இப்போது கைக்கு அடக்கமான ஒரு தளத்தில் இதைச் செய்து பார்ப்போம். 2000களின் தொடக்கத்தில் விண்டோஸ் சர்வரில் ஏஎஸ்பி நிரலில் எழுதிய ஒரு தமிழ் மாத இதழின் தளம் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைகள் `article.asp?id=142` என்ற வடிவத்தில் இருக்கின்றன. இதை லினக்ஸ் சர்வரில் ஓடும் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்ற வேண்டும். பட்டியல் தயார். அதை என்ஜின்எக்ஸ் சர்வரில் எழுதினால் இப்படி இருக்கும்:

```
map $arg_id $new_uri {
    142  /dams/grand-anicut/;
    143  /dams/vaigai/;
}

location ~* ^/article\.asp$ {
    if ($new_uri) { return 301 https://www.example.com$new_uri; }
    return 404;
}
```

முதல் பகுதிதான் நம் பட்டியல். கட்டுரை எண்ணும் புதிய முகவரியும் வரிக்கு வரி. ஆயிரம் கட்டுரை இருந்தால் ஆயிரம் வரி. அதைக் கையால் தட்ட வேண்டியதில்லை, விரிதாளிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம். gov.uk குழுவும் தொடக்கத்தில் இப்படித்தான் செய்தது. பட்டியல் சிஎஸ்வி கோப்பில் இருந்தது. என்ஜின்எக்ஸுக்கான விதிகளை அதிலிருந்து ஒரு நிரல் எழுதித் தந்தது. பின்னால் பல தளங்கள் சேர்ந்தபோது பட்டியலைத் தரவுத்தளத்துக்கு மாற்றினார்கள்.

இந்தச் சில வரிகளில் இரண்டு பொறிகளுக்கான விடை ஒளிந்திருக்கிறது. அப்பாச்சி சர்வரிலோ, வேர்ட்பிரஸ்ஸுக்கான சில செருகு நிரல்களிலோ, சாதாரண வழிமாற்று விதி கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பாதையை மட்டும்தான் பார்க்கும். பழைய தளத்தில் எல்லாக் கட்டுரைக்கும் பாதை ஒன்றே. வேறுபாடு முழுக்க கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கிறது. விவரம் தெரியாமல் எழுதினால் அத்தனை கட்டுரைகளும் ஒரே பக்கத்துக்குப் போய்ச் சேரும். மேலே `$arg_id` என்று எண்ணைத் தனியாக எடுத்தது இதற்காக.

இரண்டாவது பொறி எழுத்தின் அளவு. விண்டோஸின் ஐஐஎஸ் சர்வர் `Article.asp` என்றாலும் `article.asp` என்றாலும் ஒரே பக்கத்தைத் தரும். பல ஆண்டுகளில் வெளியார் இரண்டு வடிவத்திலும் இணைப்புக் கொடுத்திருப்பார்கள். லினக்ஸில் இரண்டும் வெவ்வேறு. விதியில் உள்ள `~*` குறி அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாதே என்று சொல்கிறது. இது இல்லாவிட்டால் நாம் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பாதி வாசகர்களுக்கு மட்டும் 404 வரும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே மூன்றாவது சிக்கல் ஒன்றும் இருக்கிறது. வேர்ட்பிரஸ் கட்டுரைத் தலைப்பிலிருந்தே முகவரியை உருவாக்கும். தமிழ் எழுத்துக்கள் முகவரியில் அப்படியே பயணம் செய்வதில்லை. யூனிகோட் குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் `%` சேர்ந்து மூன்று எழுத்தாகும். ‘அணை’ என்ற சொல் இப்படி மாறுகிறது:

```
%E0%AE%85%E0%AE%A3%E0%AF%88
```

அ, ண, ஐகாரக் குறி என்று மூன்று குறிகள். மொத்தம் 27 எழுத்து. வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ஒன்பதால் வகுத்தால் 22 தமிழ்க் குறிகள் தேறும். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். அதற்கு மேல் நீளும் தலைப்பு நடுவில் வெட்டப்படும். ‘தமிழ்நாட்டின் அணைகள் பகுதி’ என்று தொடங்கும் தொடரின் எல்லாப் பகுதிகளும் ஒரே முகவரியாக வெட்டுப்பட்டு, கடைசியில் -2, -3 என்று எண் போட்டுக்கொள்ளும். பட்டியலைத் தலைப்பிலிருந்து தயாரித்தவர் முழுத் தலைப்பை வைத்து முகவரி எழுதியிருப்பார். சர்வரில் இருப்பது வெட்டுப்பட்ட முகவரி. எனவே வலப்பக்க முகவரிகளை ஊகித்து எழுதாமல், கட்டுரைகளை ஏற்றியபின் புதிய தரவுத்தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். அல்லது மேலே செய்ததுபோல் ஒவ்வொன்றுக்கும் குறுகிய முகவரியை நாமே வைத்துவிட வேண்டும்.

சங்கிலியும் பூட்டும்

பத்துப் பதினைந்து ஆண்டு பழைய தளம் முன்பே ஒருமுறை இடம் மாறியிருக்கும். அப்போது போட்ட வழிமாற்றுகள் இன்னும் இருக்கும். நாம் புதிதாக ஒரு அடுக்கு சேர்க்கிறோம். `http` முகவரி `https`க்குப் போகிறது. அது `www` உள்ள பெயருக்குப் போகிறது. அங்கிருந்து ஏஎஸ்பி முகவரிக்கு. அங்கிருந்து புதிய பக்கத்துக்கு. ஒவ்வொரு தாவலுக்கும் சர்வரோடு ஒரு புதிய உரையாடல் வேண்டும்; அலைபேசி வாசகருக்கு அது கண்ணுக்குத் தெரியும் தாமதம். கூகுளின் சிலந்தி பத்துத் தாவல்வரை பின்தொடரும், பிறகு விட்டுவிடும். அவர்களே தரும் அறிவுரை நேராக இறுதிப் பக்கத்துக்கே திருப்பிவிடுங்கள் என்பதுதான். பழைய பட்டியலைத் தூக்கிப் போடாமல், அதன் வலப்பக்கத்தை மட்டும் இன்றைய முகவரியாகத் திருத்தினால் சங்கிலி ஒரே கண்ணியாகிவிடும். சங்கிலியை இப்படிப் பார்க்கலாம்:

```
curl -sIL "http://example.com/article.asp?id=142" | grep -iE '^(HTTP|location)'
```

ஒரு 301 வரி, ஒரு Location வரி, கடைசியில் 200 என்று வந்தால் சரி. மூன்று நான்கு 301 வந்தால் சுருக்க வேண்டும். 200க்குப் பதில் 404இல் முடிந்தால், இல்லாத வீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறோம். இந்தச் சோதனையை மாதிரிக்குப் பத்து முகவரியில் செய்துவிட்டு நிறுத்தக் கூடாது. gov.uk குழு பட்டியலின் எல்லா வரிகளையும் நிரலைக் கொண்டு சோதித்தது. சிறு தளத்துக்கு அது சில நிமிட வேலை.

சரியாக எழுதிய வழிமாற்றையும் பயனில்லாமல் செய்யக்கூடிய பூட்டு ஒன்று உண்டு: `robots.txt`. புதிய தளத்தைத் தயாரிக்கும்போது தேடுபொறிகள் உள்ளே வராதிருக்க அதில் `Disallow: /` என்று எழுதுவார்கள். வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு தேர்வுப் பெட்டியும் இருக்கிறது. திறப்பு நாளின் பரபரப்பில் இதை எடுக்க மறந்தால், வாசகர்களுக்குத் தளம் நன்றாக வேலை செய்யும். தேடலிலிருந்து மட்டும் பக்கங்கள் ஒவ்வொன்றாக உதிரும். இதன் மறுபக்கமும் உண்டு. பழைய முகவரிகள் இனி வேண்டாம் என்று அவற்றை `robots.txt`இல் தடுத்தால், சிலந்தி அந்தக் கதவைத் தட்டவே தட்டாது. தட்டாத கதவின் பின்னால் நிற்கும் 301 யாருக்கும் தெரியாது. பழைய முகவரி திறந்திருந்தால்தான் அது இடம் மாறிய செய்தி போய்ச் சேரும்.

இதே காரணத்தால் புதிய தளத்தின் உள்ளிணைப்புகள், தளவரைபடக் கோப்பு, ஒவ்வொரு பக்கத்தின் ‘கனானிக்கல்’ குறி எல்லாம் புதிய முகவரிகளையே சொல்ல வேண்டும். வழிமாற்று ஒன்றைச் சொல்ல, கனானிக்கல் குறி பழைய முகவரியைச் சொன்னால், தேடுபொறி எதை நம்பும் என்பது நம் கையில் இல்லை.

மாறியபின்

மாற்றிய மறுநாளிலிருந்து முதலில் பார்க்க வேண்டியது சர்வர் பதிவில் உள்ள 404 வரிகளை. எந்த முகவரி எத்தனை முறை கேட்கப்பட்டது என்று வரிசைப்படுத்தினால், பட்டியலில் விட்டுப்போனவை மேலே வந்து நிற்கும். முதல் சில நாட்களில் அவற்றைச் சேர்த்துவிட்டால் இழப்பு பெரிதாக இருக்காது, ஏனென்றால் சிலந்தி ஒரே 404ஐ வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

அடுத்தது சர்ச் கன்சோல். அங்கே பழைய முகவரிகள் ‘வழிமாற்றப்பட்டவை’ என்ற கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்க, அதே வேகத்தில் புதியவை அட்டவணையில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். நடுத்தரத் தளம் ஒன்றின் பெரும்பாலான பக்கங்கள் நகரச் சில வாரங்கள் ஆகும் என்கிறது கூகுள். பெரிய தளத்துக்கு இன்னும் அதிகம். அதுவரை இடங்கள் ஏறி இறங்குவது இயல்பு. தளம் முழுதும் சேர்ந்து இறங்கினால் `robots.txt`, கனானிக்கல் போன்ற பொதுவான ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஒரு பகுதி மட்டும் இறங்கினால் அந்தப் பகுதிக்கான விதியைப் பார்க்க வேண்டும். எல்லா முகவரியும் சரியாகப் போய்ச் சேர்ந்தும் சில கட்டுரைகள் மட்டும் இறங்கினால், வழிமாற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தலைப்பு மாறியிருக்கும், பாதி உள்ளடக்கம் வெட்டப்பட்டிருக்கும், அல்லது ஐந்து கட்டுரைகளைச் சேர்த்ததில் தேடியவருக்கு வேண்டிய பத்தி காணாமல் போயிருக்கும். 301 முகவரியின் மதிப்பைத்தான் எடுத்துச்செல்லும். மாறிப்போன பக்கத்துக்குப் பழைய தகுதியை அது வாங்கித் தராது. மென்பொருள், வடிவமைப்பு, உள்ளடக்கம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது இறக்கியது என்று பிரித்தறியவும் வழியிருக்காது. முடிந்தால் முதலில் மென்பொருளை மட்டும் மாற்றிவிட்டு, தேடல் நிலைபெற்றபின் எழுத்தில் கை வைப்பது நல்லது.

வழிமாற்றுகளை எத்தனை காலம் வைத்திருப்பது? குறைந்தது ஓராண்டு, முடிந்தால் என்றென்றும் என்பது கூகுளின் பரிந்துரை. தேடுபொறி ஓராண்டில் கணக்கை மாற்றிக்கொள்ளும்; பள்ளி ஆசிரியரின் பாடக்குறிப்பு மாறிக்கொள்ளாது. தளத்தின் பெயரே மாறியிருந்தால் பழைய பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் வேறு யாரோ அதை வாங்கி, நம் பழைய இணைப்புகளின் மதிப்பைத் தங்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவார்கள். சர்ச் கன்சோலில் தளப்பெயர் மாற்றத்தை அறிவிக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதன் விளைவு 180 நாட்கள். அது வழிமாற்றுக்குத் துணை நிற்கும், அதற்கு மாற்றாகாது.

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இந்தத் தலைவலிக்கு மூலகாரணம் எங்கே என்று எழுதினார். முகவரியில் இன்றைய தொழில்நுட்பத்தின் பெயரைப் பொறித்தால், அந்தத் தொழில்நுட்பம் போகும் நாளில் முகவரியும் போக வேண்டியிருக்கும். நம் இதழின் `article.asp?id=142` இதற்குச் சரியான எடுத்துக்காட்டு: அதில் நிரல்மொழி இருக்கிறது, தரவுத்தள எண் இருக்கிறது, கட்டுரை எதைப் பற்றியது என்பது மட்டும் இல்லை. இடமாற்றத்தின்போது புதிய முகவரியை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்பதால், அதை மென்பொருளோடு ஒட்டாத முகவரியாக வைக்க அதுவே தருணம். gov.uk தளத்தில் அரசு விடுமுறைகளின் பக்கம் 2012இல் `gov.uk/bank-holidays` என்று இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தளத்தின் சர்வர்கள் அமேசானின் மேகக்கணினிக்குப் போயின; உள்ளிருக்கும் நிரல்கள் பிரிந்தும் சேர்ந்தும் மாறின. அந்தப் பக்கத்துக்கு ஒரு வழிமாற்றும் எழுத வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அதன் முகவரி இன்றும் அதேதான்.